அந்தக் கை யாருடையது

எங்கள் அலுவலகத்தில் அவருக்குத் தந்தி என்று பெயர். எதிரில் இருப்பவர் தமிழில் பேசி வாயை மூடுவதற்குள் இவர் பிரெஞ்சில் ஆரம்பித்துவிடுவார். மருத்துவமனை, பள்ளிக்கூடம், காவல் நிலையம், நீதிமன்றம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய், இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் வாயாக இருப்பதுதான் அவர் தொழில். நான் அதே அலுவலகத்தில் எழுத்து மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, மருத்துவ அறிக்கை எல்லாம் என் மேஜைக்கு வரும். பேசுகிறவர்கள் வெளியே சுற்றுவார்கள், எழுதுகிறவர்கள் உள்ளே வேகுவார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால்தான் மனிதர்களை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் அறை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு மேஜை, திறக்காத ஒரு ஜன்னல், சூடாக்குகிறேன் என்று சத்தம் மட்டும் போடுகிற ஒரு ஹீட்டர். தந்தி என் அகராதியின் மேல் பிஸ்கட் வைத்துச் சாப்பிடுவார். துகள் எல்லாம் பக்கங்களுக்குள் போய்விடும். நான் கத்துவேன். "அகராதிக்கும் பசிக்கும்ல, தங்கச்சி" என்பார்.

இருபத்து நாலு வயதில், பிரெஞ்சு பேசுகிற இந்த நாட்டுக்கு வந்தவர். பதினோரு வருஷம் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே வானொலியில் ஓடுகிற பிரெஞ்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியிருக்கிறார். ஒரு நாள் தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளி ஒருவருக்கு எங்கே வலிக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. கீழே சலவைக் கூடத்தில் ஒருவர் இருக்கிறாரே என்று இவரை மேலே கூட்டிப் போனார்கள். ஈரக் கையோடு போய் நின்று பேசினாராம். அதன் பிறகு மாலை வகுப்பு, பரீட்சை, முதல் முறை தோல்வி, இரண்டாம் முறை தேர்ச்சி. ஊருக்கெல்லாம் பேசுகிற மனிதர் வீட்டில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று அவர் மனைவி என்னிடம் புலம்பியிருக்கிறார்.

அவருடைய கர்வம் எல்லாம் பழமொழியில் இருந்தது. ஒரு தடிமனான நோட்டு வைத்திருந்தார். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் அதற்கு ஜோடியான பிரெஞ்சு. நாம் பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கிற இடத்தில் அவர்கள் கொல்லாத கரடியின் தோலை விற்பார்கள். சில சமயம் இரண்டு பக்கமும் ஒரே பூனை, ஒரே சூடு. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அன்று முழுக்க அவருக்குத் தலை கால் புரியாது. யாராவது பேச்சு நடுவில் ஒரு பழமொழியைப் போட்டால், அடுத்த நொடி அதன் பிரெஞ்சு ஜோடியை எடுத்துப் போட வேண்டும். அதைக் கேட்டு எதிரில் இருப்பவர் தலையாட்ட வேண்டும். அதுதான் அவருக்குப் பரிசு.

"விளக்கம் சொல்றவன் தொழில் தெரியாதவன், தங்கச்சி. ஜோக்கச் சொல்லிட்டு அர்த்தம் சொன்னா யாரு சிரிப்பா?"

எனக்கும் அது சரி என்றுதான் அப்போது பட்டது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்தத் தாயின் கோப்பு என் மேஜைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அவரிடம் கேட்டுக்கொண்டு, அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடிதான் இதை எழுதுகிறேன். கணவர் இல்லை. ஏழு வயதில் ஒரே மகள். விடிவதற்கு முன்பே எழுந்து அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போவார். மகள் தனியாக எழுந்து பாலைச் சுட வைத்துக் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போக வேண்டும். ஒரு நாள் அடுப்பருகே கிடந்த துணி பற்றிக்கொண்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தீயணைப்பு வண்டி வந்தது, பின்னாலேயே குழந்தைப் பாதுகாப்புத் துறையும் வந்தது. நீதிபதியின் உத்தரவுப்படி மகளை வேறொரு குடும்பத்தில் விட்டார்கள். எட்டு மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம், ஒரு பொம்மை அறையில் தாயும் மகளும் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் வீடு திரும்பலாமா என்று நீதிபதி முடிவு செய்வதற்கு முன், துறையின் அதிகாரி தாயோடு பேசி ஓர் அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையைத் தாய் படித்துப் பார்க்க உரிமை உண்டு. படிக்க வேண்டுமென்றால் தமிழில் இருக்க வேண்டும். அதைத் தமிழாக்குவது என் வேலை. விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது.

அறிக்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தாய் பகல் வேலைக்கு மாறிவிட்டார். அடுப்பை மாற்றிவிட்டார். ஒரு சந்திப்பைக்கூடத் தவறவிடவில்லை. எனக்கே தட்டச்சு செய்ய உற்சாகமாக இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. மகள் சொல் பேச்சு கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம், தாய் இவ்வாறு பதில் சொன்னார் என்று எழுதி, மேற்கோள் குறிகளுக்குள் ஒரு பிரெஞ்சுப் பழமொழி இருந்தது. நேசத்தையும் தண்டனையையும் சேர்த்து முடிச்சுப் போடுகிற பழமொழி. பிள்ளையை அடித்துவிட்டு அதற்கு நியாயம் சொல்கிறவர்கள் வாயில் அடிக்கடி வரும். அதற்குக் கீழே அதிகாரி எழுதியிருந்தார்: தண்டனையை அன்பின் அடையாளமாகத் தாய் கருதுவதாகத் தெரிகிறது, மகளை இப்போது அனுப்புவது உசிதமல்ல, ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம்.

ஐந்தே வார்த்தைப் பழமொழி, ஆறு மாதம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் தாய் மேல்தான் கோபம். இத்தனை பாடுபட்டுவிட்டு இப்படியா ஒரு பேச்சு பேசுவாள் என்று. பிறகுதான் உறைத்தது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. இதை அவர் சொல்லியிருக்கவே முடியாது. வேறு எதையோ தமிழில் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்திப்புக்குப் போனவர் யார் என்று பட்டியலைப் பார்த்தேன். எதிர் மேஜையில் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த இடத்துல அந்தம்மா தமிழ்ல என்ன சொன்னாங்க?"

தந்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்தது. அடியையும் அணைப்பையும் ஒரே கைக்குக் கொடுக்கிற நம் பழமொழி இருக்கிறதே, அதைச் சொன்னாராம். "பட்டுனு போட்டேன் பாரு ஜோடிய. ரெண்டுலயும் வலி இருக்கு, ரெண்டுலயும் பாசம் இருக்கு. அச்சு அசல்."

"கீழ இருக்கறதையும் படிங்க."

படித்தார். பிஸ்கட் கையிலேயே இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"யாரப் பத்திச் சொன்னாங்க அதை?" என்று கேட்டேன்.

நடந்ததைச் சொன்னார். மகள் கேட்காவிட்டால் எடுத்துச் சொல்வேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன் என்றுதான் தாய் முதலில் பதில் சொல்லியிருக்கிறார். தந்தி அதையும் பிரெஞ்சில் சொன்னார். அப்புறம் தாய் அதிகாரியின் முகத்தையே பார்த்து இந்தப் பழமொழியைச் சொல்லியிருக்கிறார். கண் கலங்கியிருந்ததாம். தந்தி ஜோடியைப் போட்டதும் அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"பிள்ளையப் பத்தி இல்ல, அந்த ஆபீசரம்மாவப் பத்திச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் தந்தி. "எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்."

"எப்படித் தெரியும்? நம்மாள் இதச் சொன்னா, அடி வாங்கினவன் தன்னைத் தேத்திக்கிறான்னு நமக்குத் தெரியும். அவங்க பழமொழி அடிச்சவன் பக்கத்துல நின்னு பேசுது. அடி வாங்கின பொம்பள வாயில அடிக்கிறவன் பேச்ச வச்சுட்டீங்க, அண்ணே."

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று முழுக்கத் திரும்பவில்லை. அவர் வயிறு எரியப் பேசிவிட்டோமே என்பது ஒரு பக்கம். பேசாமல் மட்டும் எப்படி இருப்பது என்பது இன்னொரு பக்கம்.

மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே மேஜையில் இருந்தார். சுற்றிலும் கசக்கிப் போட்ட காகிதம். திருத்தக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் தன் தவறை எழுதிக் கொடுத்தால் அது கோப்பில் ஏறும். அடுத்த தடவை அவரைக் கூப்பிடலாமா என்று நீதிமன்றம் யோசிக்கும். மேலாளர் அம்மா இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஆபீசருக்கு ஒரு போன் போட்டு வாய் வார்த்தையா சொல்லிடக் கூடாதா?" என்றார்.

"எழுத்துல ஏறின தப்பு, மேடம். எழுத்துலதான் எறங்கணும்" என்றார் தந்தி.

ஆனால் என்ன எழுதுவது? பழைய பழக்கம் அவரை விடவில்லை. முதல் இரண்டு மணி நேரம் வேறு ஜோடிதான் தேடினார். கெட்டதிலும் ஒரு நல்லது விளையும் என்கிற மாதிரி அவர்களிடம் ஒன்று உண்டு. அதைப் போட்டால் கை காணாமல் போய்விடும். யார் எடுத்தார், யார் கொடுத்தார் என்பதே இருக்காது. ஒரே வாயால் சூடாகவும் குளிராகவும் ஊதுவதாக ஒரு வழக்கு உண்டு. அதைப் போட்டால் அதிகாரி நிலையில்லாத ஆள் என்று திட்டுவது போல் ஆகிவிடும். மழையையும் வெயிலையும் வைத்து இன்னொன்று. அது அதிகாரத்தில் ஆட்டம் போடுகிறவரைச் சொல்வது. ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்தார்.

"ஜோடியே இல்ல, தங்கச்சி." பெண் பார்க்கப் போய்த் திரும்பி வந்தவர் மாதிரி சொன்னார்.

"அப்ப ஜோடி வேணாம். அது என்ன காட்டுதோ அத அப்படியே சொல்லி, வெளக்கிடுங்க. ஆனா அடிங்கற வார்த்தை வேணாமே. கண்டிப்புன்னு மெதுவாப் போடுங்க. அந்த வார்த்தையப் பாத்தாலே மறுபடியும் பயப்படுவாங்க."

அவர் என்னை முறைத்தார். அவர் முறைத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அந்தம்மா அந்த வார்த்தையத்தான் சொன்னாங்க. போன தடவ அழகா இருக்கணும்னு மாத்தினேன். இந்தத் தடவ நல்லதுக்குன்னு மாத்தச் சொல்றியா? ரெண்டும் ஒண்ணுதான்."

நியாயம் அவர் பக்கம்.

குறிப்பு அரைப் பக்கம் வந்தது. தாய் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் முதலில் பிரெஞ்சில் வைத்தார். அதற்குக் கீழே எழுதியது ஏறக்குறைய இதுதான்: "இதில் ஒரே கை இரண்டு காரியம் செய்கிறது. முதலில் வலிக்க வைக்கிறது, பிறகு அணைத்துக்கொள்கிறது. தமிழில் இது பெரும்பாலும் வலித்தவருக்கு ஆறுதலாக வரும் பேச்சு. சொன்னபோது தாய் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இதற்குப் பதிலாகப் பயன்படுத்திய பிரெஞ்சுப் பழமொழி தண்டிப்பவரின் தரப்பில் பேசுவது. அதைத் தாய் சொல்லவில்லை. தேர்வும் தவறும் என்னுடையவை. அந்தக் கை யாருடையது என்பதை அவரிடமே கேட்கும்படி வேண்டுகிறேன்."

கடைசி வரி எதற்கு என்று கேட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே, அதிகாரியின் கை என்றே எழுதலாமே என்றேன். "எனக்குத் தெரியும்னு நெனச்சதுலதான் இவ்வளவும் வந்துச்சு" என்றார். குறிப்பு நீதிமன்றத்துக்கும் துறைக்கும் தாயின் வழக்கறிஞருக்கும் அன்றே போயிற்று.

விசாரணைக்கு அவர் மொழிபெயர்க்கக் கூடாது என்று ஆயிற்று. அவர் செய்த தவறே அன்றைய பேச்சு. வேறு ஆள் இல்லை. பேச்சுக்கும் நான் என்றோ பரீட்சை எழுதித் தொலைத்திருந்தேன். மேலாளர் அம்மா என்னைத் தள்ளிவிட்டார். மனிதர்களை விட்டு ஓடி வந்தவளை மனிதர்கள் விடவில்லை.

குழந்தைகள் நீதிபதியின் அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. நீள மேஜை, ஆறு நாற்காலி, மூலையில் ஒரு மீன் தொட்டி. நீதிபதி வயதான பெண்மணி, குட்டையாக வெட்டிய முடி. ஒரு பக்கம் அதிகாரி. எதிர்ப்பக்கம் தாயும் வழக்கறிஞரும். தாயின் பக்கத்தில் நான். தாய் தன் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

முதலில் தந்தியை உள்ளே கூப்பிட்டார்கள். நின்றுகொண்டே பேசினார். குறிப்பில் இருப்பதைத் திரும்பச் சொன்னார். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் தாயின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். தாயின் தலை மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தது. தன் வாயில் இத்தனை நாள் வேறொரு பேச்சு இருந்தது அவருக்கு வழக்கறிஞர் மூலம் தெரியும். அதைச் செய்தவரைப் பக்கத்தில் வைத்துக் கேட்பது வேறு.

"இத்தனை வருட அனுபவத்தில், நிறுத்தி விளக்கியிருக்கலாமே?" என்று நீதிபதி கேட்டார்.

"ஜோடி தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன்" என்றார் தந்தி. அவ்வளவுதான். சால்ஜாப்பு எதுவும் சொல்லவில்லை.

நீதிபதி தாயிடம் திரும்பினார். "அந்தக் கை யாருடையது?"

நான் தமிழில் கேட்டு முடித்தேன். தாய் பையை மேஜையில் வைத்துவிட்டு, எதிரில் இருந்த அதிகாரியின் கையைக் காட்டினார்.

"இவங்க கைதான். இந்தக் கைதான் என் புள்ளையக் கூட்டிட்டுப் போச்சு. இதே கைதான் எனக்குப் பகல் வேலைக்கு ஃபாரம் எழுதிக் குடுத்துச்சு. அன்னிக்கு இவங்கள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். நன்றி சொல்லத் தெரியாம சொன்னேன்."

ஒன்றையும் விடாமல், ஒன்றையும் அலங்கரிக்காமல் பிரெஞ்சில் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். விரலில் மை இருந்தது. அவர் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

நீதிபதி விடவில்லை. மகளை எப்போதாவது அடித்ததுண்டா என்று நேராகவே கேட்டார்.

"ஒரே ஒரு தடவ. அஞ்சு வயசுல ரோட்ல ஓடிட்டா. முதுகுல ஒண்ணு வச்சேன். அன்னிக்குப் பூரா நான்தான் அழுதேன், அவ இல்ல."

அதையும் அப்படியே சொன்னேன். மெதுவாகச் சொல்லலாமா என்று நாக்கு ஒரு கணம் கெஞ்சியது. எதிரில் தந்தி நின்றுகொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

அதிகாரியே அனுமதி கேட்டுப் பேசினார். தன் பரிந்துரை அந்த ஒரு மேற்கோளின் மேல் நின்றது, மற்றதெல்லாம் மகளைத் திருப்பி அனுப்பவே சொல்கிறது, ஆகவே அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். மகள் மாதக் கடைசியில் வீடு திரும்புவாள். ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு முறை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். இதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் உடைந்தது. மொழிபெயர்ப்பாளர் அழக் கூடாது என்று எங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவர் அந்த அறையில் இல்லை.

கடைசியாக, அந்த வாராந்தரச் சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளர் யார் வேண்டும் என்று தாயிடம் கேட்டார்கள். மாற்றக் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சொன்னார்கள்.

"அந்த அண்ணனே வரட்டும்" என்றார் தாய். என்னைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டு, "நீங்களும் நல்லாத்தான் சொன்னீங்க. ஆனா அவரு தப்புன்னு தெரிஞ்சதும் தானா எழுதிக் குடுத்தாரு. தெரியாத மாதிரி இருந்திருந்தா எனக்கு யாரு வந்து சொல்லியிருப்பா?" என்றார்.

அதை நான்தான் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது, தந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவர் மீன் தொட்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மகளைக் கூட்டி வருகிற நாளில் அவர்தான் போனார். உத்தரவின் தமிழ்ப் பிரதியில் கையெழுத்து வாங்க நானும் கூடப் போனேன். எட்டு மாதம் பிள்ளையை வைத்திருந்த அந்த வளர்ப்பம்மா ஒரு பருத்த, கலகலப்பான பெண்மணி. நடையில் பெட்டி, பள்ளிக்கூடப் பை, ஒரு பொம்மை முயல் எல்லாம் வரிசையாக நின்றன. மகள் காலணி மாட்டிக்கொண்டு கதவுப் பிடியில் கை வைத்துவிட்டாள். தாய் வளர்ப்பம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நன்றி பழமொழியாகத்தான் வந்தது. உப்பைச் சொல்லி நன்றி சொல்கிற அந்தப் பழமொழி.

நான் தந்தியைப் பார்த்தேன். வாய் திறந்தது, மூடியது. பிறகு சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் சொன்னார். வளர்ப்பம்மா பதறிப்போனார். "உப்பா? நான் உப்புக் குறைவாகத்தான் போடுவேன், பிள்ளைக்கு நல்லதில்லை என்று…"

"மன்னிக்க வேண்டும், அம்மா" என்றார் தந்தி. "இதை நான் நிறுத்தி விளக்க வேண்டும்."

"அம்மா, போலாம்!" என்று மகள் தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். தாய் சிரித்தபடி, அழுதபடி அவள் பின்னால் படியிறங்கினார். முயல் பொம்மை ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு போயிற்று. தந்தி நகரவில்லை. காலியான நடையில் நின்று, ஒருவர் வீட்டு உப்பு என்றால் அவர் போட்ட சோறு என்று மெதுவாகச் சொன்னார். அந்தத் தாய் தன் பிள்ளைக்குச் சோறு போட்டவரை உயிர் இருக்கும்வரை மறக்கப் போவதில்லை என்று சொன்னார். வளர்ப்பம்மா ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.